காது முந்துவதா, குறி முந்துவதா: இசை பழகத் தொடங்கும் குழந்தைக்கு எது பொருந்தும்?

பியானோவோ வயலினோ கற்க வரும் குழந்தைக்கு முதல் பாடத்தை இரண்டு வழிகளில் தொடங்கலாம். ஆசிரியர் ஒரு சிறு மெட்டை வாசித்துக் காட்ட, குழந்தை அதைப் பலமுறை கேட்டு, வாயால் பாடி, பிறகு கருவியில் தானே தேடிப் பிடிப்பது ஒரு வழி. ஐந்து கோடுகளின் மேல் எழுதிய இசைக்குறிகளைக் காட்டி, இந்தக் குறிக்கு இந்தக் கட்டை என்று பழக்கி, தாளைப் பார்த்து வாசிக்கச் செய்வது மற்றொரு வழி. முன்னதைச் செவிவழி என்றும் பின்னதைக் குறிவழி என்றும் இந்தக் கட்டுரையில் அழைப்போம். நெடுநாள் பழகிய ஒருவருக்குக் கடைசியில் இரண்டும் வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எது முதலில் வர வேண்டும், இரண்டாவது எவ்வளவு காலம் கழித்து வரலாம் என்பதுதான் கேள்வி. அதற்கான விடை குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது.

இரு வழிகளிலும் குழந்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரே மெட்டை எடுத்துக்கொள்வது நல்லது. 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று குழந்தைகள் பாடும் மெட்டு இதற்கு மிகவும் வசதியானது. பியானோவின் நடு சி கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டால் அதன் முதல் அடி, 'ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச' என்று வரும். இடையில் வரும் அடி, 'ப ப ம ம க க ரி' என்பது இரண்டு முறை. அதன்பின் முதல் அடி திரும்பவும் வந்து பாட்டு முடிகிறது. மொத்தமே ஆறு சுரங்கள்தான்.

செவிவழியில் தொடங்கும் ஐந்து வயதுக் குழந்தை இந்த மெட்டை முதல் நாளிலேயே வாசிப்பதில்லை. சில வாரங்களுக்கு நாள்தோறும் கேட்கிறது, சொற்களோடு பாடுகிறது, தாளத்தைக் கைதட்டிக் காட்டுகிறது. பிறகு ஆசிரியர் 'ச' இருக்கும் இடத்தை மட்டும் காட்டி, அடுத்த ஒலி மேலே போகிறதா, கீழே வருகிறதா, ஒரு படியா, தாவலா என்று மட்டும் கேட்கிறார். ச-விலிருந்து ப-வுக்குத் தாவல். த பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து திரும்பி, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினால் வீட்டுக்கு வந்துவிடலாம். இடையடியில்தான் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இடறுகிறார்கள். 'க க ரி' என்று நிற்க வேண்டிய இடத்தில், முதல் அடியின் பழக்கத்தால் கை 'ரி ரி ச' என்று இறங்கிவிடுகிறது. பாட்டு முடியக் கூடாத இடத்தில் முடிந்துவிட்டதைப் போன்ற உணர்வு வருகிறது. குழந்தை கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. ஆசிரியர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிழையைக் காது சொல்லிவிட்டது. செவிவழி தரும் முதல் பெரிய ஆதாயம் இதுதான்: திருத்துபவர் குழந்தைக்குள்ளேயே உருவாகிறார்.

அதே மெட்டைக் குறிவழியில் தொடங்கும் குழந்தையின் வேலை வேறு. உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் க்ளெஃப் என்ற அடையாளம் தாங்கிய ஐந்து கோடுகளில் 'ச' எல்லாக் கோடுகளுக்கும் கீழே ஒரு சிறு துண்டுக் கோட்டின் மேல் தனியாக நிற்கிறது. 'ப' கீழிருந்து இரண்டாம் கோட்டின் மேல் அமர்கிறது. 'த' அதற்கு மேலுள்ள இடைவெளியில் வருகிறது. ஒவ்வொரு குறியிலும் குழந்தை அது கோட்டில் இருக்கிறதா இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரை நினைவுக்குக் கொண்டுவந்து, கட்டையைத் தேடி, எந்த விரல் என்று முடிவு செய்து, எத்தனை எண்ணிக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும். போதாக்குறைக்கு, கட்டை விரலை ச-வில் வைத்தால் சுண்டு விரல் ப-வோடு நின்றுவிடுகிறது. த-வுக்குக் கையை நகர்த்தியாக வேண்டும். இதனால்தான் குறிவழிப் பாடநூல்களின் முதல் பக்கங்களில் இந்த மெட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. நடு சி-யை ஒட்டிய இரண்டு மூன்று சுரங்களில் அடங்கும் வரிகளோடு அவை தொடங்குகின்றன. அந்த வரிகள் இசையாகச் சுவைக்காது. ஆனால் கண்ணும் கையும் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கப் பழகுவதற்கு அந்த எளிமை தேவைப்படுகிறது. குறிவழியின் ஆதாயம் சில மாதங்கள் கழித்தே தெரிகிறது: யாரும் வாசித்துக் காட்டாத ஒரு புதிய பக்கத்தைத் தனியாக அமர்ந்து ஒலியாக்கக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவியான கீதோ, கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தியதும் இந்தத் தேவைக்காகத்தான். தேவாலயப் பாடகர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்யும் நிலை அதற்கு முன்பு இருந்தது. குறிவழியைக் காதுக்கு எதிரான ஒன்றாகப் பேசுபவர்கள், அது காதின் சுமையைக் குறைக்கப் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

செவிவழியை இன்றைய வடிவில் பரவலாக்கியவர் ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி. 1898இல் பிறந்து 1998இல் மறைந்த அவர், 1946இல் மாட்சுமோட்டோ நகரில் தம் பள்ளியைத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியை எழுத்தறியும் முன்பே தடையின்றிப் பேசுகிறார்கள். இசையும் அவ்வாறே நுழையட்டும் என்பதே அவர் முறையின் அடிப்படை. முன் சொன்ன மெட்டின் தாள வேறுபாடுகளில்தான் அவருடைய வயலின் பாடம் தொடங்குகிறது. அந்தத் தேர்வு தற்செயலானதாகத் தோன்றவில்லை. வயலினின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 'ச' கிடைக்கிறது; அடுத்துள்ள ஈ தந்தி அப்படியே 'ப' ஆகிறது; அதில் முதல் விரலை வைத்தால் 'த'. திரும்ப ஏ தந்தியில் மூன்றாம் விரல், இரண்டாம் விரல், முதல் விரல் என்று வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தால் ம, க, ரி. சிறு குழந்தைக்கு எட்டாத நான்காம் விரலுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் வில்லால் பலமுறை துண்டு துண்டாக இழுக்கச் செய்வதால், இடது விரல் ஓரிடத்தில் நிற்க, அந்த ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்கக் குழந்தைக்கு அவகாசம் கிடைக்கிறது. சுசுகி குறிகளைப் படிப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளிவைத்தார். ஆனால் அவர் பெயரைச் சொல்லும் வகுப்புகள் சிலவற்றில் இந்தத் தள்ளிவைப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டுபோவதும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இரு வழிகளிலும் போலியாகக் கற்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பல நேரங்களில் குழந்தை எந்த வழியில் கற்கிறது என்று நாம் நினைக்கிறோமோ அந்த வழியில் அது கற்பதே இல்லை. ஆசிரியரின் விரல்களையோ, காணொளியில் ஒளிரும் கட்டைகளையோ பார்த்து அதே வரிசையில் அழுத்தும் குழந்தையைச் செவிவழியில் கற்பதாகச் சொல்ல முடியாது. அது கண்ணால் நகல் எடுக்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. அதே மெட்டை நடு சி-க்குப் பதிலாக அதற்கு மேலே, இதுவரை 'ப' ஆக இருந்த ஜி கட்டையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இப்போதும் வெள்ளைக் கட்டைகளே போதும் என்பதால், மெட்டைக் காதில் வைத்திருக்கும் குழந்தை சிறிது தடவித் தடவியாவது கண்டுபிடித்துவிடும். அடுத்து, முதலில் 'ம' ஆக இருந்த எஃப் கட்டையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதல் ஏழு ஒலிகள் தடையின்றிப் போகும். 'ம' வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டையை அழுத்தினால் ஒலி சற்றே தூக்கலாக, கசப்பாக விழும். காதால் கற்ற குழந்தை முகம் சுளித்து, பக்கத்தில் தேடி, இடப்புறமுள்ள கறுப்புக் கட்டையைப் பிடித்துவிடும். கட்டைகளின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தைக்கு அந்தக் கசப்பு காதில் விழுவதே இல்லை. மேலே போய்விடும், அல்லது எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்.

குறிவழியில் இதற்கு இணையான போலி, விரல் எண்களைப் படிப்பது. தொடக்க நூல்கள் பலவற்றில் குறிகளின் மேல் 1, 3, 5 என்று விரல் எண்கள் அச்சாகியிருக்கும். சில ஆசிரியர்கள் குறியின் கீழே எழுத்துப் பெயரையும் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணும் எழுத்தும் கண்ணில் படும்போது குழந்தை கோடுகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எண்களை அழித்துவிட்டு அதே வரியைக் கொடுத்தாலோ, கட்டை விரலை வேறொரு கட்டையில் வைத்துத் தொடங்கச் சொன்னாலோ உண்மை தெரிந்துவிடும். இன்னொரு குறைபாடு இதைவிட ஆழமானது. குறிகளைப் பிழையின்றிப் படிக்கும் சில குழந்தைகள் தாங்கள் எழுப்பும் ஒலியைக் கேட்பதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு பாடலை ஓரிடத்தில் ஒரு சுரத்தை மட்டும் மாற்றி வாசித்துக் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை என்றால், குறி அங்கே ஒலிக்கான அடையாளமாக இல்லாமல் கட்டைக்கான முகவரியாக மட்டும் இருக்கிறது என்று பொருள்.

இனி, எந்தக் குழந்தைக்கு எது என்ற கேள்விக்கு வருவோம். வயதை மட்டும் வைத்து முடிவு செய்வது எளிது, ஆனால் போதாது; என் கணிப்பில் கருவிக்கும் வீட்டுச் சூழலுக்கும் வயதுக்குச் சமமான பங்கு உண்டு.

மூன்று முதல் ஆறு வயது வரை செவிவழியே பெரும்பாலும் பொருந்துகிறது. இந்த வயதில் கோட்டுக்கும் இடைவெளிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண் நிலையாகப் பிடிப்பதில்லை. ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவுவதே பெரிய வேலை. மாறாக, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆற்றலும், ஒரே பாட்டை நாளுக்குப் பத்து முறை கேட்டாலும் சலிக்காத இயல்பும் உச்சத்தில் இருக்கின்றன. ஏழு எட்டு வயதில் முதன்முறையாக வரும் குழந்தையின் நிலை வேறு. அது பள்ளியில் பக்கத்தைப் பார்த்துக் கற்கப் பழகிவிட்டது. 'இது ஏன் இங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்கிறது. விதி தெரிந்தால் நிம்மதி அடைகிறது. அந்தக் குழந்தையை ஆறு மாதம் தாளே காட்டாமல் வைத்திருந்தால், தன்னைச் சிறு பிள்ளையாக நடத்துகிறார்கள் என்று எண்ணிச் சுருங்கிப் போகக்கூடும்.

கருவியைப் பொறுத்தவரை, வயலினில் செவிவழிக்கு வலுவான காரணம் இருக்கிறது. விரல் வைக்கும் இடத்தைச் சொல்ல அங்கே கட்டையும் இல்லை, தடுப்புக் கம்பியும் இல்லை. விரல் மயிரிழை நகர்ந்தாலே சுரம் பிசகும். அதைப் பிடித்துத் திருத்தக் காது ஒன்றுதான் உண்டு. தோள், முகவாய், வில்லைப் பிடிக்கும் வலக்கை ஆகியவற்றை ஒருசேரக் கவனிக்க வேண்டிய முதல் மாதங்களில் கண்ணைத் தாளிலிருந்து விடுவிப்பதும் பெரிய உதவி. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுருதி சரியாகவே வரும். காது தூங்கினாலும் பாட்டு நடக்கும் என்பது அங்கே ஓர் ஆபத்து. அதே நேரத்தில் இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்யத் தொடங்கியவுடன், இடக்கையின் சுரங்களைக் கேட்டே பிரித்தறிவது சிறு காதுக்குக் கடினமாகிவிடுகிறது. ஆகவே பியானோ கற்கும் குழந்தை செவிவழியில் தொடங்கினாலும், வயலின் கற்கும் குழந்தையைவிட முன்னதாகவே குறிகளுக்கு வந்தாக வேண்டும்.

வீட்டுச் சூழல் என்பதை ஆசிரியர்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்குகிறார்கள், பெற்றோரும் சொல்லத் தயங்குகிறார்கள். சுசுகியின் முறையில் பெற்றோரில் ஒருவர் வகுப்பில் உடன் அமர்ந்து, குறிப்பெடுத்து, வீட்டில் நாள்தோறும் உடனிருந்து பழக்க வேண்டும். பாடல்களின் ஒலிப்பதிவும் தினமும் வீட்டில் ஒலிக்க வேண்டும். இவை இரண்டும் நடக்காத வீட்டில், வாரம் ஒரு முறை அரை மணி நேர வகுப்பை மட்டும் நம்பிச் செவிவழியில் கற்கும் குழந்தை மூன்றாம் நாளே பாடத்தை மறந்துவிடுகிறது. நினைவூட்டத் தாளும் இல்லை, ஆளும் இல்லை. இருவரும் வேலைக்குச் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் வீட்டில், ஏழு வயதுக் குழந்தைக்குக் குறிவழி பொருந்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எழுத்துகளைப் படிப்பதைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பலருக்கு நெருக்கமான இசைக்குறிகளும் தடுமாற்றம் தருகின்றன. செவிவழியில் தொடங்கி, பெரிதாக அச்சிட்ட, ஒரு பக்கத்தில் இரண்டே வரிகள் கொண்ட தாள்களோடு மெதுவாகக் குறிகளுக்கு வருவது அவர்களுக்கு ஏற்றது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டிய குழந்தை ஒன்று உண்டு: கேட்டதை உடனே வாசித்துவிடும் கூரிய காதுள்ள குழந்தை. செவிவழி அதற்காகவே பிறந்தது போலத் தோன்றும். பெற்றோரும் ஆசிரியரும் மகிழ்ந்து அந்த வழியிலேயே விட்டுவிடுவார்கள். உண்மையில் இந்தக் குழந்தைக்குத்தான் குறிகளை மற்றவர்களைவிட முன்னதாக அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது. எட்டு வயதில் அது இரு கைகளாலும் நான்கு பக்கப் பாடலை அழகாக வாசிக்கிறது. ஆனால் தாளில் படிக்கும் திறனோ மூன்று சுர வரிகளின் அளவிலேயே நிற்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்த பிறகு, 'ச ரி க' வரியைப் படி என்று கொடுத்தால் அது அவமானமாகப் படுகிறது. 'ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்' என்று கேட்கிறது. காட்டிவிட்டால் அடுத்த நொடி வாசித்துவிடும், தாளைப் பார்ப்பது போன்ற பாவனையோடு. ஆசிரியரே ஏமாந்துபோகும் அளவுக்கு அந்தப் பாவனை தேர்ச்சி பெற்றிருக்கும். இதை வெளிக்கொணர, பாடலின் நடுவில் ஓரிடத்தைச் சுட்டி, அங்கிருந்து தொடங்கச் சொன்னால் போதும். நினைவிலிருந்து மட்டும் வாசிக்கும் குழந்தை அங்கே தொடங்க முடியாமல் பாடலின் தொடக்கத்துக்கு ஓடும்.

இடைவெளி விழாமல் இருக்க, ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் படிப்பதற்கென்று தனியே ஒதுக்குவது நல்ல ஏற்பாடு. அந்த ஐந்து நிமிடத்துக்கும் குழந்தை வாசிக்கும் பெரிய பாடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. முதல் சில வாரங்கள் தாளக் குறிகள் மட்டும்: ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, ஓர் எண்ணிக்கைக்குள் இரண்டு தட்டு என்று அட்டைகளைப் பார்த்துக் கைதட்டுவது. அடுத்து, ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த மெட்டின் தாளைக் காட்டி, அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே தாவுகிறது என்று விரலால் தொடச் செய்வது. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் வகுத்த பள்ளி இசைக் கல்வியும், குழந்தை முதலில் பாடி உணர்ந்த ஒன்றுக்குப் பிறகே குறியைக் காட்ட வேண்டும் என்ற இதே வரிசையைப் பின்பற்றுகிறது. ஆனால் தெரிந்த மெட்டிலேயே நின்றுவிட்டால் குழந்தை நினைவிலிருந்து வாசித்துவிட்டுப் படித்ததாகச் சொல்லும். ஆகவே மூன்றாம் கட்டமாக, இதுவரை கேட்டிராத இரண்டு வரிகள் ஒவ்வொரு வாரமும் வர வேண்டும். அவற்றை ஆசிரியர் வாசித்துக் காட்டவே கூடாது. இந்த வரிகள் குழந்தை வாசிக்கும் பாடல்களைவிட மிக எளியவையாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆறு வயதில் இப்படித் தொடங்கினால் அந்த எளிமை விளையாட்டாகத் தோன்றும். ஒன்பது வயதில் தோன்றாது.

குறிவழியில் தொடங்கிய குழந்தைக்கும் இதே ஐந்து நிமிடம் எதிர்த்திசையில் தேவை. தாளை மூடிவிட்டு, அதற்கு நன்றாகப் பாட வரும் ஒரு மெட்டைக் கருவியில் தேடச் சொல்ல வேண்டும். அல்லது வாசிக்கப் போகும் வரியை முதலில் வாயால் பாட முயலச் சொல்ல வேண்டும். பாடிவிட்டு வாசிக்கும் குழந்தை தவறான கட்டையை அழுத்தியவுடன் தானே நிற்கத் தொடங்குகிறது. அந்த நிறுத்தம் தென்படும்வரை புதிய குறிகளைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பெற்றோருக்கு இசை தெரியாவிட்டாலும் இதைக் கவனிக்கலாம்: பக்கத்து அறையிலிருந்து கேட்கும்போது, தவறு வந்த இடத்தில் குழந்தை யாரும் சொல்லாமல் திரும்பிப் போய் அந்த ஓர் இடத்தை மட்டும் சரிசெய்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் அதே தவறோடு முடிவுவரை போகிறதா என்று பார்த்தால் போதும். முன்னதாக இருந்தால் படிக்கும் பகுதியைக் கூட்டலாம். பின்னதாக இருந்தால் சில வாரங்களுக்குத் தாளைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டும்படி ஆசிரியரிடம் சொல்லலாம்.